நாலு நிமிஷம் பத்து நொடி

போன மாதம் எங்கள் அக்கா, அத்தானுடைய ஐம்பதாவது கல்யாண நாள் விழாவில் நான் பேசியதை வீடியோவில் பார்த்த இரண்டு மூன்று பேர், "டீச்சர், படம் ஓட ஓட அவ்வளவு சரியா எப்படிப் பேசினீங்க? எங்க வீட்டு விசேஷத்துக்கும் எழுதணும்" என்று கேட்டிருந்தார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு மேடை புதிதல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் பேசியிருக்கிறேன். ஆண்டு விழா, பிரிவு உபசார விழா என்று எத்தனையோ மேடைகள். அங்கெல்லாம் நேரம் என் கையில் இருந்தது. இங்கே நேரம் படத்தின் கையில்.

அக்காவின் பேரன் வெளிநாட்டில் படிக்கிறான். அவனே பழைய படங்களையெல்லாம் வாங்கி, ஸ்கேன் செய்து, பாட்டு சேர்த்து, ஒரு வீடியோ செய்திருந்தான். விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்தது. நாலு நிமிஷம் பத்து நொடி. கூடவே ஒரு குரல் செய்தி: "சின்னாச்சி, இது ஓடும்போது நீங்கதான் பேசணும். ஆனா இனிமே இதுல கை வைக்க முடியாது. எனக்குப் பரீட்சை, முடிச்ச அன்னைக்கே ஃப்ளைட்."

அதாவது படங்களை மாற்ற முடியாது. வரிசையை மாற்ற முடியாது. பாட்டின் சத்தத்தைக் குறைக்க முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பாகிவிட்டது. மாறக்கூடியது என் பேச்சு ஒன்றுதான்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். அக்கா பிறந்த கதை, அத்தான் பெண் பார்க்க வந்த கதை, இரண்டு குறள் விளக்கம், எல்லாம். ஃபோனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். ஏழு நிமிஷம் பத்து நொடி. வேகமாகப் படித்தாலும் ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. வெட்டிப் பார்த்தேன், அப்போதும் படம் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். பேரனுடைய பூணூல்... இல்லை, எங்கள் வீட்டில் அது கிடையாது, பேரனுடைய காதுகுத்துப் படம் வரும்போது நான் இன்னும் அக்காவின் கல்யாணத்திலேயே இருந்தேன்.

மறுநாள் அந்த மூன்று பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு நோட்டில் கோடு போட்டு, வீடியோவை ஓட விட்டு, படம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, திரையில் காட்டும் நேரத்தைக் குறித்தேன். 0:14-க்குப் பந்தல் படம். 0:22-க்கு எங்கள் அப்பா அம்மா. 0:31-க்கு மணவறை. இப்படியே கடைசி வரை. இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. எழுதப் போகிறவர்கள் எந்த வேலையை விட்டாலும் இந்த வேலையை விடாதீர்கள்.

அடுத்தது, ஒரு நொடிக்கு எவ்வளவு பேசலாம் என்ற கணக்கு. இத்தனை சொல் என்று எண்ணினால் தமிழில் ஏமாந்துபோவோம். "வா" என்பதும் ஒரு சொல், "உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம்" என்பதும் ஒரு சொல். எழுத்தை எண்ண வேண்டும். அதிலும் புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ண வேண்டும். "அக்கா" என்றால் இரண்டு. "கல்யாணம்" என்றால் மூன்று.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியமே அளவு சொல்லியிருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. நான் முதலில் மாத்திரைக் கணக்கே போட்டுப் பார்த்தேன். பேச்சுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. குறிலும் நெடிலும் கலந்துதான் வருகின்றன, நாலைந்து வரிக்குள் எல்லாம் சமமாகிவிடுகிறது. புள்ளியில்லாத எழுத்தை எண்ணினாலே போதும்.

வீட்டில் நாளிதழை எடுத்து ஒரு நிமிஷம் சாதாரணமாகப் படித்தேன். எண்ணினால் ஏறக்குறைய முந்நூறு எழுத்து. நொடிக்கு ஐந்து. ஆனால் அது என் வாயின் வேகம். கேட்கிறவர் காதின் வேகம் வேறு.

அத்தானுக்கு இப்போது காது மந்தம். மெஷின் வைத்திருக்கிறார். ஒருவர் நேரில் பேசினால் புரிந்துகொள்வார், நாலு பேர் பேசினால் விட்டுவிடுவார். மண்டபத்தில் பாட்டும் எதிரொலியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனவே விஷயத்தைச் சொல்லாமல் அவரிடமே சோதித்தேன். சாயங்காலம் போய், "அத்தான், இந்தச் செய்தியைக் கேளுங்க" என்று டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேப்பர் படித்தேன். என் சாதாரண வேகத்தில் படித்தபோது மூன்று முறை "என்னது?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, நொடிக்கு நாலு எழுத்து என்ற வேகத்தில் படித்தேன். ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு செய்தியா?" என்றார். எனக்கு அது போதும். நொடிக்கு நாலு என்று முடிவு செய்தேன். விழாவே அவர்களுக்குத்தான். அவருக்குக் கேட்டால் மற்றவர்களுக்கும் கேட்கும்.

இப்போது கூட்டிக் கழித்தேன். மொத்தம் 250 நொடி. முதல் 14 நொடி தலைப்பும் நாதஸ்வரமும், அங்கே பேசக் கூடாது. நடுவில் 1:50-லிருந்து 2:12 வரை, 22 நொடி, 1991-இல் வீடு பால் காய்ச்சியபோது எடுத்த விஎச்எஸ் காட்சி. அதில் அத்தானுடைய அம்மாவின் குரலே இருக்கிறது, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தக் குரல் மேல் என் குரல் விழக் கூடாது. கடைசி 12 நொடி இருவரும் திண்ணையில் காப்பி குடிக்கிற காட்சி, அதற்கும் பேச்சு வேண்டாம். மூன்றையும் கழித்தால் ஏறக்குறைய 200 நொடி.

அந்த 200 நொடியையும் பேச்சால் நிரப்பினால் அது கிரிக்கெட் வர்ணனை ஆகிவிடும். ஜனங்கள் படம் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் "இது யாரு தெரியுதா?" என்று கேட்க வேண்டும், சிரிக்க வேண்டும். பாதிக்குச் சற்று மேலே, 110 நொடி பேசலாம் என்று வைத்தேன். 440 எழுத்து. சொல்லில் பார்த்தால் நூற்றுப் பத்துச் சொல். என் மூன்று பக்கம் ஓர் அஞ்சலட்டை ஆகிவிட்டது.

எழுத உட்கார்ந்ததும் முதல் இடறல் வந்தது. இதை இத்தனை வருஷம் இலக்கணம் நடத்தியும் நான் யோசித்ததில்லை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. படமோ நமக்காகக் காத்திருப்பதில்லை.

0:31-க்கு மணவறைப் படம், ஐந்து நொடி. அடுத்து மறுவீட்டுக்குப் போகும் வண்டியில் அக்கா, ஐந்து நொடி. அடுத்து அத்தானுடைய வீட்டார் எல்லாரும் நிற்கும் கூட்டப் படம், நடுவில் அத்தானின் அம்மா, மிகவும் கண்டிப்பான முகம். நான் எழுதியிருந்த வாக்கியம் இது: "மணமேடையில் கண் நிமிராமல் உட்கார்ந்திருந்த அக்கா, மறுவீட்டுக்குப் போகும்போது வண்டியில் ஏறியதும் முதல் முறையாகச் சிரித்தாள்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணினால் 42 எழுத்து, பத்தரை நொடி. படம் வந்து அரை நொடி கழித்து ஆரம்பித்தால் பதினோரு நொடி. ஆனால் இரண்டு படத்துக்கும் சேர்த்தே பத்து நொடிதான். ஆக, "சிரித்தாள்" என்ற சொல் அக்காவின் முகத்தில் விழவில்லை, மாமியாரின் கண்டிப்பான முகத்தில் போய் விழுந்தது. மண்டபமே சிரித்திருக்கும், ஆனால் தவறான இடத்தில்.

அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு படத்துக்கு ஒரு வாக்கியம். படம் மாறுவதற்குள் வினைமுற்று வந்துவிட வேண்டும். மணவறைக்கு: "அக்கா கண்ணை நிமிர்த்தவே இல்லை." பத்து எழுத்து, இரண்டரை நொடி. வண்டிக்கு: "வண்டி ஏறியதும் சிரித்துவிட்டாள்." பதினோரு எழுத்து, மூன்று நொடிக்குள். இரண்டுக்கும் பின்னால் மூச்சு விட இடம் இருக்கிறது. கூட்டப் படத்துக்கு எதுவுமே எழுதவில்லை. கூட்டப் படம் வந்தால் மண்டபம்தான் பேசும், ஆளாளுக்குக் கையை நீட்டிப் பெயர் சொல்வார்கள். அந்தப் பதினோரு நொடியில் யார் பேசினாலும் எடுபடாது.

ஆண்டும் இப்படித்தான். எழுதும்போது 1974 என்று நாலு இலக்கம். வாயால் சொன்னால் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு", பதினைந்து எழுத்து, கிட்டத்தட்ட நாலு நொடி. "எழுபத்து நாலு" என்றால் ஆறு எழுத்து, ஒன்றரை நொடி. வீட்டில் யாரும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சொல்வதும் இல்லை. எனவே எண்களை எல்லாம் சொல்கிறபடியே எழுத்தால் எழுதி எண்ணுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். 2:12-க்குப் பிறகு பேரன் ஒரு சினிமாப் பாட்டு போட்டிருந்தான். நாதஸ்வரத்தின் மேல் பேசலாம், பாடுகிறவர் குரலின் மேல் பேச முடியாது. இரண்டும் சொல், இரண்டும் புரியாது. பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வெறும் இசை வருகிற இடத்தைத் தேடினேன். 2:34-லிருந்து 2:47 வரை 13 நொடி கிடைத்தது. பிள்ளைகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல நினைத்ததையெல்லாம் அதற்குள் இரண்டு வாக்கியமாக வைத்தேன். மற்ற நேரம் பாட்டே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவும் கணக்கு. கணக்குக்கு வராத ஒன்று 0:52-இல் இருந்தது.

ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஒன்பது நொடி. முகூர்த்தம் முடிந்து கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். உச்சி வெயில். அத்தான் மாலையோடு நடக்கிறார், பக்கத்தில் ஓர் இளைஞர் குடை பிடித்து வருகிறார். அது அத்தானுடைய தம்பி. வீட்டில் எல்லாருக்கும் அவர் "சின்னவர்". எனக்கு அப்போது 14 வயது, அவர் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தது நினைவிருக்கிறது.

பின்னாளில் ஒரு வயல் பாகப் பிரிவினையில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. பன்னிரண்டு வருஷம். நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவர் போய்விட்டார். அத்தான் துட்டிக்குப் போனார், ஆனால் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பேரை யாரும் கேட்டதில்லை. பேரனுக்கு இதெல்லாம் தெரியாது. ஆல்பத்தில் நல்ல படமாக இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டான்.

அக்கா படத்தைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தாள். "அந்தக் குடைப் படம் வருதே, அங்கே நீ என்ன சொல்லப் போறே?"

"என்ன சொல்லட்டும்?"

"எனக்குத் தெரியலை. அவரு மகளுக்கும் பத்திரிகை வச்சிருக்கு. வர்றேன்னு சொல்லியிருக்கா."

ஃபோனை வைத்துவிட்டாள்.

எதுவும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு படத்துக்கும் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டு வருகிறேன். கூட்டப் படத்துக்குப் பேசாமல் இருப்பது வேறு, ஒரே ஒரு மனிதர் நிற்கும் படத்துக்கு வாய் மூடிக்கொள்வது வேறு. அவருடைய மகள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அந்த மௌனம் பன்னிரண்டு வருஷத்தையும் திரும்பச் சொல்லிவிடும்.

எழுதினேன். "அத்தானின் தம்பி. இன்று நம்மோடு இல்லாவிட்டாலும் என்றும் நம் நெஞ்சில் நிறைந்திருக்கிறார்." இருபத்தாறு எழுத்து, ஆறரை நொடி. அளவு கச்சிதம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருந்தது. இருக்கும்போது பேசாதவர்கள் நெஞ்சில் நிறைந்திருக்கிறார் என்று மைக்கில் சொன்னால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? அடித்துவிட்டேன்.

அடுத்து, நடந்ததை நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். "காலம் பிரித்தாலும்" என்று ஆரம்பித்தது. காலமா பிரித்தது? அதையும் அடித்தேன். நாலாவது, ஐந்தாவது முயற்சியும் இப்படித்தான் போயின. கணக்கில் எல்லாம் சரி, சொல்லத்தான் வாய் வரவில்லை.

மூன்றாவது நாள் என் மகனுடைய லேப்டாப்பில் அந்த ஒன்பது நொடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஃபோனில் தெரியாத இரண்டு விஷயம் பெரிய திரையில் தெரிந்தன. ஒன்று, பேரன் அந்தப் படத்தை அப்படியே நிறுத்தி வைக்கவில்லை. அத்தானின் முகத்தை நோக்கி மெதுவாகக் கிட்டே போகும்படி செய்திருக்கிறான். அதனால் 0:57 ஆகும்போது சின்னவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். குடையும் குடைக் காம்பைப் பிடித்த அவர் கையும் மட்டும் மிஞ்சுகின்றன. ஒன்பது நொடிப் படம் என்று நான் குறித்திருந்தேன், ஆனால் அந்த மனிதர் அதில் இருப்பது ஐந்து நொடிதான். பெயரை அதற்குள் சொல்லியாக வேண்டும். நான் எழுதிய நீளமான வாக்கியங்களில் எல்லாம் அவர் போன பிறகுதான் வினை வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, குடையின் நிழல். தரையில் விழுந்த நிழலைப் பார்த்தால் அது முழுவதும் அத்தான் மேலேதான். சின்னவர் வெயிலில் நடக்கிறார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு. ஐம்பது வருஷமாக ஆல்பத்தில் இருந்த படம். நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு எழுதுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் ஒரு நிமிஷத்தின் கடைசி வடிவத்தை அப்படியே தருகிறேன்.

0:00 முதல் 0:14 வரை, தலைப்பு, நாதஸ்வரம். பேச்சு இல்லை.

0:15, பந்தல் வந்ததும்: "எழுபத்து நாலு ஆவணி. முந்தின நாள் வரைக்கும் சாரல்."

0:23, அப்பா அம்மா வந்ததும்: "அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை."

0:31, மணவறை: "அக்கா கண்ணை நிமிர்த்தவே இல்லை."

0:36, வண்டி: "வண்டி ஏறியதும் சிரித்துவிட்டாள்."

0:41 முதல் 0:52 வரை, கூட்டப் படம். பேச்சு இல்லை.

0:53, குடை வந்ததும்: "இவர் சின்னவர்."

0:57, கை மட்டும் தெரியும்போது: "குடை முழுக்க அண்ணனுக்கு."

அடுத்த பேச்சு 1:09-க்கு.

"இவர் சின்னவர்" ஐந்து எழுத்து. "குடை முழுக்க அண்ணனுக்கு" ஒன்பது எழுத்து. இரண்டும் சேர்ந்து மூன்றரை நொடிதான். பிறகு 1:09 வரை ஒன்பது நொடி வெறுமனே விட்டேன். முதலில் 1:02-க்கே வாடகை வீட்டைப் பற்றி ஒரு வரி வைத்திருந்தேன், அதை எடுத்துவிட்டேன்.

பந்தல் படத்துக்கு "ஓலைப் பந்தல்" என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். பந்தல் கண்ணுக்குத் தெரிகிறது. சாரல் தெரியாது. அப்பா சாப்பிடாததும் படத்தில் தெரியாது. கண் பார்ப்பதைக் காதுக்கும் சொன்னால் அந்த நொடி வீண். குடைக்கு மட்டும் படத்தில் இருப்பதையே சொன்னேன். அது எல்லார் கண் முன்னாலும் இருந்தும் யாரும் பார்க்காதது.

பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக்கொண்டேன். நேரத்தைவிட "குடை வந்ததும்", "கை மட்டும் தெரியும்போது" என்ற குறிப்புகளைத்தான் கொட்டையாக எழுதினேன். மேடையில் கடிகாரம் பார்க்க முடியாது, படத்தைப் பார்க்கலாம். திரைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியிருந்ததால் என் முன்னால் ஒரு லேப்டாப்பை வைத்து, அதிலும் படம் தெரியும்படி செய்யச் சொன்னேன். ஒலிபெருக்கிப் பையனுக்குத் தனியே ஒரு துண்டுச் சீட்டு: ஆரம்பத்தில் படத்தின் சத்தம் கம்மியாக, 1:50-க்கு ஏற்று, 2:12-க்கு மறுபடி இறக்கு. பாட்டி குரல் வரும் இடத்துக்கு மட்டும்தான் அந்த ஏற்றம்.

விழா அன்று எல்லாம் சரியாக நடந்ததா என்றால், இல்லை. பந்தல் வந்தது, நான் வாயைத் திறந்தேன், மைக் வேலை செய்யவில்லை. "எழுபத்து நாலு" என் காதுக்கே கேட்கவில்லை. பையன் ஓடி வந்து ஏதோ செய்து சரிசெய்வதற்குள் அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். கை தானாகவே அட்டையின் முதல் வரிக்குப் போனது. விட்டதைச் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று மனம் பறந்தது. இதுதான் எல்லாரும் விழுகிற பள்ளம். ஒரு வரியைத் தாமதமாகச் சொன்னால் அடுத்ததும் தாமதமாகும், கடைசி வரை படத்தைத் துரத்திக்கொண்டே இருப்போம். போனது போனதுதான். இரண்டு வரியையும் விட்டுவிட்டு மணவறைக்குக் காத்திருந்தேன். அப்பா சாப்பிடாதது யாருக்கும் தெரியாமலே போயிற்று. எனக்கு வருத்தம்தான், ஆனால் மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

"சிரித்துவிட்டாள்" சரியாக அக்காவின் முகத்தில் விழுந்தது. சிரிப்பு எழுந்தது, கூட்டப் படத்தில் அது பேச்சாக மாறியது. நினைத்தது போலவே ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். பிறகு குடை வந்தது.

"இவர் சின்னவர்" என்றேன்.

முன்வரிசையில் அத்தான் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டது என்று தெரிந்தது, கையை இறக்கிவிட்டார். சின்னவர் சட்டத்தை விட்டுப் போனார். கை மட்டும் நின்றது. "குடை முழுக்க அண்ணனுக்கு" என்றேன். அதன் பிறகு ஒன்பது நொடி. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அது நீளமாகவே தெரியவில்லை. அங்கே நிற்கும்போது அரை மணி நேரம் போல இருந்தது. ஏதாவது சொல்லி நிரப்பிவிடலாமா என்று நாக்கு துடித்தது. அட்டையில் எழுதியிருந்ததால்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். 1:09-க்கு வாடகை வீட்டுச் சைக்கிள் வந்தது, தொடர்ந்தேன்.

படம் முடிந்து கைதட்டல் எல்லாம் ஓய்ந்து, சாப்பாட்டுப் பந்திக்குக் கூட்டம் நகர்ந்த பிறகு அத்தான் என்னைக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அந்தக் குடைப் படத்தை இன்னொரு தடவை போடச் சொல்லு" என்றார். பையனிடம் சொல்லி 0:52-லிருந்து போடச் செய்தேன். மைக் இல்லை, பேச்சு இல்லை. பாதி காலியான மண்டபத்தில் அந்த ஒன்பது நொடி ஓடியது.

"அது எங்க அப்பா குடை" என்றார். "அவன்கிட்டதான் இருந்தது."

வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சின்னவரின் மகள் கொஞ்சம் தள்ளி, கையில் தாம்பூலப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அத்தான் சொன்னது அவள் காதில் விழுந்ததா தெரியாது. அக்காவிடம் வந்து, "பெரியம்மா, இந்தப் படம் எனக்கு ஒரு காப்பி வேணும்" என்றாள். அக்கா அத்தானைப் பார்த்தாள். "ஆல்பத்துல இருக்கு. வீட்டுக்கு வந்து எடுத்துக்கோ" என்றார் அத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனாளாம்.